பிறப்பிக்கும் சார்பு

சேர்மானக் கணிதத்தில் அடிக்கடி வரும் 'ஜெனரேட்டிங் ஃபங்ஷன்' என்பதைத் தமிழில் பிறப்பிக்கும் சார்பு என்கிறோம். ஓர் எண் வரிசையின் உறுப்புகளைக் கெழுக்களாகக் கொண்ட அடுக்குத் தொடர் என்பது இதன் பொருள். இலங்கை வழக்கில் கெழு என்பது குணகம்.

பெயரைத் தந்தவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடர்களைப் பற்றி எழுதியபோது 'ஃபோங்சியோன் ஜெனரத்ரீஸ்' என்றார். 1812இல் வந்த நிகழ்தகவு நூலிலும் அதை விரிவாகக் கையாண்டார். ஈன்றெடுத்தல் என்று பொருள்படும் லத்தீன் வினையே இதன் வேர். முறை பெயரைவிட மூத்தது. ஓர் எண்ணைச் சிறு எண்களின் கூட்டலாக எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்ற கேள்விக்கு ஆய்லர் 1748ஆம் ஆண்டு நூலிலேயே இவ்வழியில் விடை கண்டிருந்தார்.

முறையை ஒரு கணக்கில் பார்ப்போம். கையில் நான்கு ஒரு ரூபாய், மூன்று இரண்டு ரூபாய், இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்கள் உள்ளன. பத்து ரூபாயை எத்தனை விதமாகக் கொடுக்கலாம்? ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு கோவை எழுதுகிறோம். அடுக்கு என்பது தொகை. கெழு என்பது அந்தத் தொகைக்கான வழிகளின் எண்ணிக்கை.

```
A = 1 + x + x² + x³ + x⁴
B = 1 + x² + x⁴ + x⁶
C = 1 + x⁵ + x¹⁰
```

B-இல் உள்ள x⁴ 'இரண்டு ரூபாய் நாணயத்தில் இரண்டு எடுத்தேன்' என்கிறது. 1 'ஒன்றும் எடுக்கவில்லை' என்கிறது. பெருக்கும்போது அடுக்குகள் கூடுகின்றன, தொகையும் அப்படியே கூடுகிறது. முறையின் உயிர் இந்த ஒற்றுமையில்தான் இருக்கிறது. முதலில் A, B இரண்டையும் பெருக்கினால்:

```
1 + x + 2x² + 2x³ + 3x⁴ + 2x⁵ + 3x⁶ + 2x⁷ + 2x⁸ + x⁹ + x¹⁰
```

இதை C-ஆல் பெருக்கும்போது x¹⁰ மூன்று வழியில் பிறக்கிறது. ஐந்து ரூபாய் இல்லாமல் x¹⁰-இன் கெழு 1. ஒரு ஐந்து ரூபாயோடு x⁵-இன் கெழு 2. இரண்டு ஐந்து ரூபாயோடு மாறிலி 1. ஆக, நான்கு வழிகள்.

இங்கே மாணவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ஐந்து ரூபாய் இரண்டு இருப்பதால் C-க்குப் பதிலாக (1 + x⁵)² என்று எழுதிவிடுகிறார்கள். விரித்தால் 1 + 2x⁵ + x¹⁰ வருகிறது, விடை ஆறாகிவிடுகிறது. ஒரே மாதிரியான இரு நாணயங்களை வெவ்வேறானவையாக எண்ணியதே காரணம். ஒரு மதிப்புக்கு ஒரு கோவை. அதனுள் ஒவ்வொரு கெழுவும் 1 என்பதைப் பார்த்தாலே பிழை தெரிந்துவிடும். பெருக்கல் சரியா என்று அறிய x-க்கு 1 இடலாம். A-யும் B-யும் 5 × 4 = 20 தருகின்றன; மேலே உள்ள கெழுக்களின் கூட்டலும் 20.

இந்தச் சரிபார்ப்பைத் தவிர x-க்கு மதிப்பு எதுவும் இடுவதில்லை. அது தொகையைச் சுமக்கும் அடையாளம் மட்டுமே. ஆகவே 'சார்பு' என்ற சொல்லைக் கேட்டு வரைபடத்தையோ எல்லை மதிப்பையோ தேட வேண்டியதில்லை.

பொருள்களைப் பெட்டிகளில் பகிர்ந்து வைக்கும் கணக்கும் இதே வழியில் நடக்கிறது; கீழே வரும் கணக்கில் பிள்ளைகளே பெட்டிகள். ஒரே மாதிரியான பத்து லட்டுகளை மூன்று பிள்ளைகளுக்கு, ஒருவருக்கு நான்குக்கு மேல் போகாமல் பகிர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் கோவை A-தான். தேவையானது A³-இல் x¹⁰-இன் கெழு. நீளமாகப் பெருக்காமல் A-யை (1 − x⁵)/(1 − x) என்று சுருக்கலாம். மேலே உள்ளதன் முப்படி 1 − 3x⁵ + 3x¹⁰ − x¹⁵. கீழே உள்ள 1/(1 − x)³-இல் xⁿ-இன் கெழு (n+1)(n+2)/2. அதாவது வரம்பே இல்லாவிட்டால் n லட்டுகளைப் பகிரும் வழிகள். n = 10, 5, 0 எனில் அவை 66, 21, 1. ஆகவே 66 − 63 + 3 = 6. வரம்பை மீறிய பகிர்வுகளைக் கழிப்பதும், இருமுறை கழிந்தவற்றைத் திரும்பச் சேர்ப்பதும் குறிகளிலேயே நடந்துவிடுகின்றன.

தமிழில் 'உருவாக்கும் சார்பு' என்றும் எழுதுகிறார்கள், அதிலும் பிழையில்லை. 'உற்பத்திச் சார்பு' மட்டும் வேண்டாம். பொருளியலில் அந்தப் பெயர் உழைப்பு, மூலதனம் இவற்றுக்கும் விளைபொருளுக்கும் உள்ள தொடர்பைக் குறிக்கிறது. என் தேர்வு 'பிறப்பிக்கும்' என்பதே: விரிக்க விரிக்க ஒவ்வொரு கெழுவும் அந்த ஒரே கோவையிலிருந்து வெளிவருவதை அது நேராகச் சொல்கிறது.

பெயர் எதுவானாலும், பெட்டிக்கு ஒரு கோவை என்று பெருக்கும் இந்த வழிக்கு ஒரு வரம்பு உண்டு: பெட்டிகள் வேறுபடுத்தக்கூடியவையாக இருக்க வேண்டும். பிள்ளைகள் வேறு வேறு என்பதால்தான் 4, 4, 2 என்ற பகிர்வு மூன்று வழிகளாகவும், 4, 3, 3 மூன்று வழிகளாகவும் எண்ணப்பட்டன. அதே லட்டுகளை அடையாளமற்ற மூன்று பொட்டலங்களாகக் கட்டினால் விடை ஆறு அல்ல, இரண்டு. அதற்கு A³ பயன்படாது.