சீழுக்கு ஒரு வாசல்

தொடையில் ஒரு கட்டி. முதல் நாள் அது கட்டி என்றே தோன்றாது. ஒரு முடியின் அடியில் சிவந்து, தொட்டால் சுருக்கென்று வலிக்கும் சின்னப் புடைப்பு, அவ்வளவுதான். மூன்றாம் நாள் கோலிக்குண்டு அளவுக்கு வந்து, உட்கார்ந்தால் உறுத்துகிறது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு காத்திருக்கலாமா, இல்லை டாக்டரிடம் போய்க் கீறிவிட வேண்டுமா என்று அப்போதுதான் யோசிக்கத் தொடங்குகிறோம்.

'இன்னும் பழுக்கவில்லை', 'பழுத்துவிட்டது' என்று கட்டியைப் பற்றி நாம் சாதாரணமாகச் சொல்வதிலேயே பாதி விடை இருக்கிறது. உள்ளே சீழ் திரண்டுவிட்டதா, திரண்ட சீழ் வெளியேற வழி இருக்கிறதா என்பதை வைத்துத்தான் மருத்துவரும் முடிவெடுக்கிறார்.

முதலில் சீழ் எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். பெரும்பாலான கட்டிகளுக்குக் காரணம் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. பத்துப் பேரில் ஏறக்குறைய மூன்று பேரின் மூக்குக்குள் இது எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கும். சவரம் செய்த கீறல், உடை உரசிய இடம், சொறிந்த நகம் என்று ஏதாவது ஒரு வழி கிடைத்தால் முடியின் வேர்ப்பைக்குள் இறங்கிவிடும். இறங்கியதும் ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் கூட்டமாக அங்கே ஓடிவருகின்றன. கிருமிகளை விழுங்குகின்றன, அந்தச் சண்டையில் தாங்களும் சாகின்றன. சாகும்போது அவை கக்கும் நொதிகள் சுற்றியுள்ள திசுவையும் கரைத்துவிடுகின்றன. செத்த அணுக்கள், செத்ததும் உயிரோடு இருப்பதுமான கிருமிகள், கரைந்த திசு எல்லாம் சேர்ந்த குழம்புதான் சீழ். இதை வெறும் அழுக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது ஒரு போர்க்களத்தின் மிச்சம்.

இந்தக் கிருமிக்கு ஒரு தந்திரமும் தெரியும். ரத்தத்தை உறைய வைக்கும் ஒரு பொருளைச் சுரந்து, தன்னைச் சுற்றி ஃபைப்ரின் இழைகளால் வேலி போட்டுக்கொள்ளும். தொற்று பரவாமல் இருக்க உடலும் தன் பங்குக்கு வெளியிலிருந்து ஒரு சுவர் எழுப்புகிறது. இரண்டு தரப்பும் சேர்ந்து கட்டிய அறைக்குள் சீழ் அடைபடுகிறது. மருத்துவர்கள் சீழ்க்கட்டி என்று சொல்வது இந்த நிலையைத்தான்.

மாத்திரை மட்டும் ஏன் போதாது என்பதும் இங்கேயே விளங்கும். ஆன்டிபயாட்டிக் ரத்தத்தில்தான் பயணிக்கிறது. சீழ் நிறைந்த அறைக்குள் ரத்தக்குழாயே இல்லை. சுவரைத் தாண்டிக் கொஞ்சம் கசிந்து போனாலும் உள்ளே அமிலத்தன்மை அதிகம், கிருமிகளின் எண்ணிக்கையும் மிக அதிகம். அவற்றில் பல பெருகுவதை நிறுத்திவிட்டுச் சோம்பிக் கிடக்கும். பெருகும் கிருமியைக் குறிவைத்துச் செய்த மருந்துகள் சும்மா கிடக்கும் கிருமியிடம் அவ்வளவாக எடுபடுவதில்லை.

சரி, ஒத்தடம் என்ன செய்கிறது? சூடு கிருமியைக் கொல்கிறது என்று பலர் நம்புகிறார்கள். கொல்வதில்லை. கிருமி சாகும் அளவுக்குச் சூடு வைத்தால் அதற்கு வெகு முன்பே தோல் வெந்துவிடும். ஒத்தடத்தின் வேலை வேறு. வெதுவெதுப்பு பட்டதும் அந்த இடத்து ரத்தக்குழாய்கள் விரிகின்றன, வெள்ளை அணுக்கள் இன்னும் அதிகமாக வந்து சேர்கின்றன. ஆரம்ப நிலையில் இருக்கும் சிறிய கட்டி இதனாலேயே பழுக்காமல் அமுங்கிப் போகலாம். அமுங்காவிட்டால், பழுப்பது விரைவாகும். மேல்தோல் மெலிந்து, இளகி, நடுவில் மஞ்சள் முனை ஒன்று தெரியும், பிறகு தானாக உடையும். அதாவது, உடல் தானே திறக்கப் பார்க்கும் வாசலை ஒத்தடம் கொஞ்சம் சீக்கிரம் திறந்துவிடுகிறது.

செய்முறை எளிது, ஆனால் பலரும் அரைகுறையாகத்தான் செய்கிறார்கள். சுத்தமான துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, கட்டியின் மேல் 10 முதல் 15 நிமிடம் வைக்க வேண்டும். துணி ஆறினால் மறுபடி நனைக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை. காலையில் ஒரு தரம் இரண்டு நிமிடம் வைத்துவிட்டு 'ஒத்தடம் கொடுத்தும் கேட்கவில்லை' என்று சொல்வதில் அர்த்தமில்லை. நீரின் சூட்டை மணிக்கட்டின் உட்புறத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்; இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. நீண்ட நாள் சர்க்கரை நோயால் கால் மரத்துப் போனவர்களுக்குச் சூடு உறைக்காது என்பதால், வேறொருவர் தொட்டுப் பார்த்துச் சொல்வதே பாதுகாப்பு. பயன்படுத்திய துணியை வேறு யாரும் தொடாமல் வெந்நீரில் துவைக்க வேண்டும், கையையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கட்டி உடைந்து சீழ் வடியத் தொடங்கினாலும் ஒத்தடத்தை நிறுத்த வேண்டாம். வாசல் மூடாமல் முழுவதும் வடியட்டும். மேலே சுத்தமான காஸ் துணி வைத்து மூடி, நனைந்ததும் மாற்றினால் போதும்.

பிதுக்குவது மட்டும் கூடவே கூடாது. விரலால் அழுத்தும்போது சீழ் மேல்நோக்கித்தான் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சுவரின் பலவீனமான பக்கம் கீழே இருந்தால் அது உள்ளே உடைந்து, சுற்றியுள்ள திசுவுக்கோ ரத்தத்துக்கோ தொற்று போகும். மூக்கின் மேற்பகுதியிலிருந்து வாயின் இரு ஓரங்கள் வரையுள்ள முக்கோணப் பகுதியில் இது இன்னும் ஆபத்து. அங்குள்ள சிரைகள் கண்குழி வழியாக மூளைக்கு அடியில் இருக்கும் ஒரு ரத்தக் குடாவோடு தொடர்பு கொண்டவை. அரிதாகத்தான் நடக்கும், ஆனால் நடந்தால் உயிருக்கே ஆபத்தான ரத்த உறைவில் முடியலாம்.

இப்போது தொடைக் கட்டிக்கு வருவோம். அந்த ஆளுக்கு 35 வயது, வேறு நோய் எதுவும் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். நான்கு நாள் ஒழுங்காக ஒத்தடம் கொடுத்தார். கட்டி உடையவில்லை. ஆறாம் நாள் அது குறுக்கே 4 சென்டிமீட்டர் இருக்கிறது, தோல் இழுத்துப் பிடித்ததுபோலப் பளபளக்கிறது, வலி இரவில் தூங்கவிடாமல் விண்விண் என்று தெறிக்கிறது. மஞ்சள் முனை மட்டும் எங்கும் காணோம். சீழ் ஆழத்தில் திரண்டிருக்கிறது, மேலே தடித்த தோல் இருக்கிறது என்பதற்கு இதுவே அடையாளம்.

மருத்துவர் இரண்டு விரல்களைக் கட்டியின் இரு பக்கமும் வைக்கிறார். ஒரு விரலால் மெல்ல அழுத்தினால், மற்ற விரல் மேலே தள்ளப்படுகிறதா? தண்ணீர்ப் பையை அழுத்தினால் நடப்பது போல. அப்படித் தள்ளினால் உள்ளே திரவம் இருக்கிறது, கீறலாம். நெற்றியைத் தொடுவதுபோல முழுக்கக் கெட்டியாக இருந்தால் இன்னும் சீழ் திரளவில்லை. அப்போது கீறினால் வரப்போவது ரத்தமும் வலியும்தான். டாக்டர் சில சமயம் 'இரண்டு நாள் கழித்து வாங்க' என்று அனுப்பிவிடுவது இதனால்தான், அலட்சியத்தால் அல்ல. ஆழமான இடமாக இருந்து விரலுக்குப் பிடிபடாவிட்டால் அல்ட்ராசவுண்ட் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நம் ஆளின் கட்டி அப்படித்தான் விரலைத் தள்ளுகிறது. அடுத்தது மரத்துப்போகும் ஊசி. இந்த இடத்தில் நோயாளிகள் பலர் 'ஊசி போட்டும் வலித்ததே' என்று குறைப்படுவார்கள். அது கற்பனை அல்ல. லிக்னோகெயின் போன்ற மருந்து நரம்புக்குள் நுழைய மின்னூட்டம் இல்லாத வடிவில் இருக்க வேண்டும். சீழ் பிடித்த இடத்தின் அமிலத்தன்மை அதை மின்னூட்டமுள்ள வடிவத்துக்கு மாற்றிவிடுவதால், மருந்தின் பெரும்பகுதி வாசலிலேயே நின்றுவிடுகிறது. அதனால் கட்டிக்குள் போடாமல் அதைச் சுற்றியுள்ள நல்ல தோலில் வட்டமாக ஊசி போட்டுச் சில நிமிடம் காத்திருப்பார்கள்.

பிறகு கூரிய கத்தியால் ஒரு கீறல். சீழ் பீய்ச்சிக்கொண்டு வந்ததுமே விண்விண் வலி பெரும்பாலும் அடங்கிவிடும், ஏனென்றால் அந்த வலிக்குப் பெரும்பங்கு காரணம் உள்ளே இருந்த அழுத்தம். ஆனால் வேலை அதோடு முடியவில்லை. உள்ளே ஒரே அறை இருக்கும் என்று சொல்ல முடியாது, தடுப்புகளோடு பல சிற்றறைகள் இருக்கலாம். மழுங்கிய முனையுள்ள இடுக்கியை மூடியபடி உள்ளே விட்டு, விரித்து, அந்தத் தடுப்புகளை உடைப்பார்கள். ஒரு சிற்றறை விடுபட்டால்கூட ஒரு வாரத்தில் அதே இடத்தில் கட்டி மறுபடி எழும். வீட்டில் ஊசியால் குத்திச் சீழை எடுத்தவர்களுக்குத் திரும்பத் திரும்ப வருவது இந்தக் காரணத்தால்தான்.

கீறிய இடத்தைத் தைக்க மாட்டார்கள். பார்ப்பவருக்குப் பயமாக இருக்கும், ஆனால் தைத்தால் மேல்தோல் முதலில் ஒட்டி, உள்ளே மறுபடி சீழ் தேங்கும். அடியிலிருந்து புதுத் திசு வளர்ந்து குழி மேலே வர வேண்டும். பெரிய குழியில் காஸ் துணியைத் திணித்து வைப்பது பழைய வழக்கம். சிறிய கட்டிகளுக்கு அது பெரும்பாலும் தேவையில்லை என்பதே இப்போதைய போக்கு.

கீறிய பிறகு ஆன்டிபயாட்டிக் தேவையா? 2016-ல் அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துச் செய்த ஒரு சோதனையில், எல்லோருக்கும் கீறிச் சீழை எடுத்தார்கள், பாதிப் பேருக்கு மருந்தும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். மருந்து எடுத்தவர்களில் 100-க்கு ஏறத்தாழ 80 பேர் குணமானார்கள், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் ஏறத்தாழ 74 பேர். மருந்தால் பயன் உண்டு, ஆனால் பெரும்பகுதி வேலையைச் செய்தது கத்திதான்.

சில கட்டிகளுக்கு ஒத்தடம் கொடுத்துக் காத்திருக்கவே கூடாது. ஆசனவாய்க்கு அருகில் வந்தால் உடனே காட்ட வேண்டும். அங்கே சீழ் ஆழமாகப் பரவும், உள்ளே குடலுக்கும் வெளித்தோலுக்கும் இடையே பௌத்திரம் என்ற புழை உண்டாகலாம். முகத்தின் அந்த முக்கோணம், முதுகெலும்பின் மேல், உள்ளங்கை, பாலூட்டும் தாயின் மார்பு ஆகிய இடங்களும் அப்படித்தான். பிடரியில் பல கண்களோடு அகலமாகப் படரும் ராஜபிளவை சர்க்கரை நோயாளிகளிடம் அதிகம், அதையும் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. கைக்குழந்தைகளும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் நாள் கணக்குப் பார்க்கவே வேண்டாம். குளிர்காய்ச்சல் வந்தால், சிவப்பு கட்டியைத் தாண்டிப் பரவினால், அங்கிருந்து சிவப்புக் கோடு மேலேறினால், அன்றே போக வேண்டும். பார்ப்பதற்குச் சின்னதாக இருந்தும் வலி தாங்க முடியாமல் இருந்தாலோ, தோல் ஊதாவாகவோ கறுப்பாகவோ மாறினாலோ, அது தசைக்கு மேலுள்ள உறையைத் தின்னும் தொற்றாக இருக்கலாம். அதற்கு மணிக்கணக்குதான் அவகாசம். மற்றபடி, ஒரு வாரம் ஒழுங்காக ஒத்தடம் கொடுத்தும் குறையாத கட்டியை மருத்துவர் ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும்.

நம் ஆளின் குழி மூன்றாம் வாரத்தில் நிரம்பிவிட்டது. கீறிய அன்றே மருத்துவர் ரத்தச் சர்க்கரையும் பார்க்கச் சொல்லியிருந்தார், ஏனென்றால் தனக்குச் சர்க்கரை இருப்பதைச் சிலர் முதன்முதலில் ஒரு கட்டியால்தான் தெரிந்துகொள்கிறார்கள். இவருக்கு அளவு சரியாக இருந்தது. நான்கு மாதம் கழித்து மறு தொடையில் இன்னொரு கட்டி வந்தபோது, மருத்துவர் கட்டியைப் பார்த்துவிட்டுப் பஞ்சுக்குச்சியால் மூக்குக்குள் தடவிப் பரிசோதனைக்கு அனுப்பினார்.