பழைய கணக்குக்குப் புதிதாக அடையாளம் கேட்கிறார்கள்: அலட்சியம் செய்தால் என்ன நடக்கும்

எங்கள் பக்கத்து வளவு அக்காவுக்கு அறுபது தாண்டிவிட்டது. தெல்லிப்பளையில் பிறந்து, 1990இல் இடம்பெயர்ந்து, இப்போது சாவகச்சேரிப் பக்கம் இருக்கிறார். கல்யாணத்துக்கு முன்பு தொடங்கிய வங்கிக் கணக்கு ஒன்று அவரிடம் உண்டு. கனடாவில் இருக்கும் மகன் மாதாமாதம் அனுப்பும் காசு அதில்தான் வந்து விழும். ஒருநாள் காசு எடுக்கப் போனபோது ஏ.டி.எம். இயந்திரம் காசு தரவில்லை. உள்ளே போய்க் கேட்டால், "உங்கட விபரம் புதுப்பிக்கேல்ல அம்மா, போன வருசமே மெசேஜ் அனுப்பினது" என்றார்கள். மெசேஜ் வந்தது உண்மைதான். அது ஆங்கிலத்தில் வந்தது, அக்காவால் வாசிக்க முடியவில்லை. அந்தக் கணக்கைத் திரும்பத் திறக்க அவர் மூன்று கந்தோர்களுக்கு ஆறு தடவை நடந்தார். அவருக்கு ஒருவரும் முன்னதாகச் சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஏன் கேட்கிறார்கள் என்பது. 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதிசார் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டமும், அதன்கீழ் 2016இல் வந்த வாடிக்கையாளர் பற்றிய விதிகளும் வங்கிகளைக் கட்டுப்படுத்துகின்றன. கணக்குத் திறக்கும் நாளில் மட்டும் ஆளை அறிந்தால் போதாது, கணக்கு நடக்கும் காலம் முழுவதும் அந்த விபரங்களைப் புதிதாக வைத்திருக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. இதை மேற்பார்வை செய்வது மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவு. எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்பது எல்லோருக்கும் ஒன்றல்ல. ஆபத்து அதிகம் என்று வங்கி கருதும் கணக்குகளை அடிக்கடியும், சாதாரணச் சேமிப்புக் கணக்குகளை நீண்ட இடைவெளியிலும் பார்ப்பார்கள். ஆகவே "பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்கவில்லை, என்னிடம் மட்டும் ஏன்" என்ற கேள்விக்கு, உங்கள் மேல் சந்தேகம் என்பது பதில் இல்லை. உங்கள் முறை வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, அலட்சியம் செய்தால்? காசு போய்விடாது. வங்கி உங்கள் காசைப் பறிமுதல் செய்ய முடியாது. ஆனால் ஆளைத் திருப்திகரமாக உறுதிப்படுத்த முடியாவிட்டால் அந்தக் கணக்கில் கொடுக்கல் வாங்கலைத் தொடரக் கூடாது என்பது வங்கிக்கு உள்ள கட்டளை. அதனால் அநேகமாக முதலில் நிற்பது காசு எடுப்பதுதான்: அட்டை, இணைய வங்கி, காசாளர் மேசை. உள்ளே வரும் காசு பல நேரங்களில் வந்துகொண்டே இருக்கும். இதுதான் ஆளை ஏமாற்றுவது. மகன் அனுப்பியது விழுந்துவிட்டது என்று செய்தி வரும், கணக்கு நன்றாக இருக்கிறது என்று நினைப்பீர்கள். மருந்துக்குக் காசு எடுக்கப் போகும் நாளில்தான் தெரியவரும்.

அப்படியே விட்டால் அடுத்த சிக்கல் தொடங்குகிறது. நீங்களாகச் செய்யும் கொடுக்கல் வாங்கல் ஒன்றும் நீண்ட நாளாக இல்லாத கணக்கை வங்கி செயலற்ற கணக்காக ஒதுக்கிவிடும். வங்கி தானே போடும் வட்டி உங்கள் கொடுக்கல் வாங்கலாகக் கணக்கில் வராது. முடக்கியதால் உங்களால் எடுக்க முடியாது, எடுக்காததால் கணக்கு செயலற்றதாகும். ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டு போகும். 10 வருடம் இப்படிக் கிடந்தால் அது கைவிடப்பட்ட சொத்து என்று மத்திய வங்கிக்கு அனுப்பப்படும். அங்கே போனாலும் உரிமை உங்களுடையதுதான், உங்கள் வங்கி மூலமாகக் கேட்டுத் திரும்பப் பெறலாம். ஆனால் அதற்கும் இதே அடையாள ஆவணங்கள்தான் வேண்டும். இன்றைக்கு ஒரு நாளில் முடியும் வேலையை அன்றைக்கு இரண்டு நிறுவனங்களுக்கு நடந்து முடிக்க வேண்டியிருக்கும்.

இனி, அக்கா எங்கெங்கே மாட்டினார் என்று பார்ப்போம். யாழ்ப்பாணத்தில் அநேகம் பேர் மாட்டும் இடங்களும் இவைதான்.

முதல் இடம், பெயரின் முன்னெழுத்து. வங்கிப் புத்தகத்தில் அவர் பெயருக்கு முன் தகப்பனின் எழுத்து. கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த அடையாள அட்டையில் கணவனின் பெயர். நமக்கு இது வழமை. ஆனால் கணினிக்கு அது இரண்டு ஆட்கள். கூடவே ஆங்கில எழுத்து வேறு: ஒரே தமிழ்ப் பெயரை ஒரு லிகிதர் ஒருவிதமாகவும் இன்னொருவர் வேறுவிதமாகவும் எழுதி வைத்திருப்பார். முதல் தடவை போனபோது, "பெயர் பொருந்தேல்ல, விதானையாரிட்ட கடிதம் வாங்கிக்கொண்டு வாங்கோ" என்று அனுப்பினார்கள். விதானையார் கொடுக்கும் சான்றிதழ் நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள் என்பதைத்தான் உறுதிப்படுத்தும். இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று காட்டப் போதியது அதுவல்ல. அக்கா அந்தக் கடிதத்தை வாங்கி, பிரதேச செயலகத்தில் மேலொப்பமும் வாங்கிக்கொண்டு போன பிறகுதான், "இது காணாது, சத்தியக்கடதாசி வேணும்" என்று சொன்னார்கள். இதை முதல்நாளே சொல்லியிருக்கலாம். அவருடைய அலைச்சலில் பாதி இங்கேதான் வீணானது.

பெயர் மாற்றத்துக்கு உதவுவது விவாகச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் இருக்கும், விவாகச் சான்றிதழில் தகப்பன் பெயரும் கணவன் பெயரும் இரண்டுமே இருக்கும். இரண்டு பெயரையும் இணைக்கும் பாலம் அதுதான். வெறும் எழுத்து வித்தியாசம் என்றால், சமாதான நீதவான் முன் கையொப்பமிட்ட சத்தியக்கடதாசியை வங்கிகள் பெரும்பாலும் ஏற்கும். அதில் வங்கிப் புத்தகத்தில் உள்ள பெயரையும் அடையாள அட்டையில் உள்ள பெயரையும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் அப்படியே எழுத வேண்டும். அக்காவின் முதல் சத்தியக்கடதாசியில் ஒரு ஆங்கில எழுத்து விடுபட்டதால் திரும்ப எழுதவேண்டி வந்தது. எழுதுபவரிடம் புத்தகத்தையும் அட்டையையும் கையில் கொடுத்து, பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

இரண்டாவது இடம், அடையாள அட்டை இலக்கம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். 2016 முதல் பன்னிரண்டு இலக்கம். அட்டை தொலைந்தோ அழிந்தோ புதிது எடுத்தவர்களின் இலக்கம் வங்கியில் உள்ளதோடு பார்வைக்குப் பொருந்தாது. ஆனால் இரண்டும் ஒன்றுதான். பழைய இலக்கம் 62 என்று தொடங்கினால் புதியது 1962 என்று தொடங்கும், அடுத்த மூன்று இலக்கமும் அப்படியே வரும், பிறகு ஒரு பூச்சியம் சேரும், மிச்ச நான்கும் மாறாது, கடைசி எழுத்து மட்டும் போய்விடும். வீட்டிலேயே எழுதிப் பாருங்கள். மேசையில் இருப்பவர் "இது வேற ஆளின்ட நம்பர்" என்றால் இதைக் காட்டலாம். இன்னொன்று: சில வேளை பழைய இலக்கத்தில் ஒன்றும் புதிய இலக்கத்தில் ஒன்றுமாக உங்கள் பெயரில் இரண்டு பதிவுகள் கிடக்கும். ஒன்றைப் புதுப்பித்துவிட்டு மற்றதை விட்டுவிட்டால் சில மாதம் கழித்துத் திரும்பவும் முடங்கும். "என்ட பேரில எத்தனை பதிவு இருக்கு, எல்லாத்தையும் ஒண்டாக்கித் தாங்கோ" என்று நீங்களாகவே கேளுங்கள். அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.

அட்டையில் முகம் அழிந்திருந்தால் வங்கியோடு வாதாடி நேரத்தைக் கழிக்க வேண்டாம். செல்லுபடியான கடவுச்சீட்டோ சாரதி அனுமதிப் பத்திரமோ இருந்தால் அதைக் கொடுக்கலாம், விதிகள் அதை ஏற்கின்றன. இரண்டும் இல்லாவிட்டால் அன்றைக்கே விதானையாரிடம் அட்டையின் பிரதிக்கு விண்ணப்பம் கொடுங்கள்.

மூன்றாவது, விலாசம். அட்டையில் தெல்லிப்பளை, இருப்பது சாவகச்சேரி. வலிகாமம் வடக்கில் இருந்து எழும்பிய எத்தனையோ குடும்பங்களின் நிலை இது. அட்டையில் இல்லாத விலாசத்தைக் கொடுத்தால் அதற்குத் தனி ஆதாரம் கேட்பார்கள். மின்சார பில் வீட்டுக்காரர் பெயரிலோ, வெளிநாட்டில் உள்ள அண்ணன் பெயரிலோதான் இருக்கும். விதானையாரின் வதிவிடச் சான்றிதழ் பயன்படுவது இங்கேதான். அதை எடுக்கும்போது வங்கிப் பெயரில் எடுக்கச் சொல்லுங்கள், திகதியும் பாருங்கள். பழைய திகதி என்று திருப்பி அனுப்புவது வழக்கம்.

நான்காவதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை, ஆனால் பின்னால் அதிகம் கடிப்பது அதுதான். படிவத்தில் தொழில், வருமானம் வரும் வழி, மாதம் எவ்வளவு கணக்கில் நடக்கும் என்று கேட்பார்கள். அக்கா "வீட்டுவேலை, வருமானம் இல்லை" என்று நிரப்பப் போனார். அப்படி எழுதிய கணக்கில் மாதம் ஒரு லட்சம் வெளிநாட்டில் இருந்து வந்தால், சொன்னதும் நடப்பதும் பொருந்தவில்லை என்று வங்கியின் கணினி எடுத்துக்காட்டும், திரும்பவும் கூப்பிடுவார்கள். உள்ளதை எழுதுங்கள்: மகன் கனடாவில், மாதம் இவ்வளவு அனுப்புகிறார், வீட்டுச் செலவுக்கு. காணி விற்ற காசு வரப்போகிறது என்றால் உறுதியின் பிரதியை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். பத்து லட்சமும் அதற்கு மேலும் காசாகப் போட்டாலோ எடுத்தாலோ வங்கி கட்டாயம் அறிக்கை அனுப்பும். அது எல்லோருக்கும் நடப்பது, அதற்குப் பயந்து துண்டு துண்டாகப் பிரித்துப் போடாதீர்கள். உண்மையில் சந்தேகத்தைக் கிளப்புவது அந்தப் பிரிப்புத்தான்.

ஒரு எச்சரிக்கை. விபரம் புதுப்பிக்கச் சொல்லி வரும் எல்லாச் செய்தியும் வங்கியிடமிருந்து வருவதல்ல. இணைப்பைத் தொட்டு அட்டை இலக்கமும் தொலைபேசிக்கு வரும் ஒருமுறை எண்ணும் கொடுக்கச் சொன்னால் அது திருடர் வேலை. அடையாளம் புதுப்பிக்க அந்த எண் தேவையே இல்லை. வங்கிப் புத்தகத்தில் உள்ள கிளையின் தொலைபேசிக்கு நீங்களே எடுத்துக் கேளுங்கள்.

கிளைக்குப் போகும்போது மூலமும் பிரதியும் இரண்டையும் கொண்டு போங்கள். வெறுங்கையோடு திருப்பி அனுப்பினால், என்ன குறை என்று ஒரு துண்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னவுடன் பல குறைகள் காணாமல் போவதை நானே பார்த்திருக்கிறேன். படிவம் கொடுத்த பிறகு முத்திரையும் திகதியும் இட்ட பிரதி ஒன்று கையில் இருக்க வேண்டும். அக்காவின் படிவத்தை ஒரு தடவை தொலைத்துவிட்டு, "நீங்கள் தரேல்ல" என்றார்கள். அவரிடம் காட்ட ஒன்றும் இருக்கவில்லை.

இத்தனைக்குப் பிறகும் இழுத்தடித்தால் முகாமையாளருக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மத்திய வங்கியின் நிதியியல் வாடிக்கையாளர் தொடர்புகள் திணைக்களம், இலக்கம் 1935. வங்கிக்கு முதலில் எழுதினீர்களா என்றுதான் அங்கே கேட்பார்கள், அதனால் அந்த முத்திரை இட்ட பிரதி அங்கேயும் உதவும்.

அக்காவின் கணக்கு ஆறாவது தடவையில் திறந்தது. அன்றைக்கு அவர் கொடுத்தவை அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ், சத்தியக்கடதாசி, விதானையாரின் சான்றிதழ். தொலைபேசி இலக்கத்தையும் மாற்றிக் கொடுத்தார், வாசிக்கத் தெரிந்த மகளின் இலக்கமாக.