தொடுநிலையா, தொடர்பு நிலையா? ஓடும் காலுக்கு ஒரு சொல்

"தொடர்பு நிலை" என்ற சொல்லை இந்த வருடம் நான் பலமுறை கேட்டுவிட்டேன். யாழ்ப்பாணத்தில் அசைவுப்படம் பழகும் பிள்ளைகளிடம் ஒரு தமிழ்க் கையேடு கைமாறித் திரிகிறது. நடப்பதையும் ஓடுவதையும் வரைவதற்கு அது மூன்று நிலைகளைச் சொல்கிறது: தொடர்பு நிலை, கடத்தல் நிலை, பறக்கும் நிலை. ஆங்கிலத்தில் கொன்டாக்ட், பாஸிங், எயார்போர்ண் என்று வழங்குபவற்றுக்கு மொழிபெயர்ப்பாளர் கொடுத்த பெயர்கள் இவை. மூன்றுமே பிழை. அவற்றில் முதலாவது வரைகிற கையையே பிழையான இடத்துக்குக் கொண்டுபோகிறது.

சனிக்கிழமை வகுப்பில் ஒரு தங்கச்சி பட்டம் இழுத்துக்கொண்டு ஓடும் பொடியன் ஒருவனை வரைந்திருந்தாள். பொடியன் நல்லாயிருந்தான், கையில் நூலின் இழுவைகூட வந்திருந்தது. ஆனால் படங்களை ஓடவிட்டுப் பார்த்தால் அவன் ஓடவில்லை. பஸ்சைத் தவறவிடப் போகிறவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு விரைந்து நடப்பாரே, அந்த நடைதான் தெரிந்தது. தாளைப் பார்த்தேன். ஒவ்வொரு அடியின் தொடக்கத்திலும் முன்காலின் குதியும் பின்காலின் பெருவிரலும் ஒரே நேரத்தில் தரையில் இருந்தன.

"இதென்ன பிள்ளை, ஓடேக்கை ரெண்டு காலும் ஒண்டாத் தரையிலை நிக்குமே?"

"நோட்ஸிலை தொடர்பு நிலை எண்டுதானே சேர் கிடக்கு. ரெண்டு காலும் தரையோடை தொடர்பிலை இருக்கவேணும் எண்டு நினைச்சன்."

அவளில் பிழையில்லை. சொல் அப்படித்தான் நினைக்கவைக்கிறது.

சொற்பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொன்டாக்ட் என்பதன் வேர் இலத்தீன். 'ஒன்றோடொன்று தொடுதல்' என்பதே அதன் பழைய பொருள். ஒருவரோடு பேச்சு வைத்திருப்பது, தகவல் அனுப்புவது என்ற பொருள்கள் பிற்பாடு வந்தவை. தமிழில் இந்த இரண்டுக்கும் வேறுவேறு சொற்கள் இருக்கின்றன. தொடுதல் ஒரு கணத்தில் நடந்து முடிவது. தொடர்பு நீடிப்பது, இரண்டு பக்கத்தையும் கட்டி வைத்திருப்பது. வட்டத்தை ஒரேயொரு புள்ளியில் முட்டிச் செல்லும் கோட்டை நாங்கள் பள்ளிக்கூடத்தில் தொடலி என்று படித்தோம். அதைத் தொடர்பி என்று யாரும் சொல்லவில்லை. கணித நூலை எழுதியவர் கோட்டையும் வட்டத்தையும் பார்த்துப் பெயர் வைத்தார். கையேட்டை எழுதியவர் அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்திருக்கிறார். அவர் ஒருமுறை வெளியே போய் நடப்பவரின் காலைப் பார்த்திருந்தால் இந்தச் சொல் வந்திருக்காது.

காலில் நடப்பது இதுதான். நடக்கும்போது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும். முன்காலின் குதி தரையைத் தொடும் கணத்தில் பின்காலின் விரல்கள் இன்னும் தரையை விட்டிருக்காது. இந்தக் கணத்தை நான் தொடுநிலை என்கிறேன். ஆகவே நடையின் தொடுநிலையில் இரண்டு காலும் தரையில் இருப்பது உண்மை. ஓட்டத்தில் அப்படியில்லை. முன்கால் தரையைத் தொடும் முன்பே பின்கால் தரையை விட்டுப் போய், முழங்கால் மடிந்து பின்னால் உயர்ந்திருக்கும். தொடுவது ஒரு கால் மட்டும். நடைக்கும் ஓட்டத்துக்கும் பொதுவாக இருப்பது 'ஒரு பாதம் புதிதாகத் தரையைத் தொடுகிறது' என்ற கணம் மட்டுமே. தொடுநிலை என்ற சொல் அந்தக் கணத்தைச் சொல்கிறது, அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. தொடர்பு நிலை என்ற சொல் நடையில் தற்செயலாகப் பொருந்தி, ஓட்டத்தில் பிள்ளையைக் கவிழ்த்துவிடுகிறது.

இதற்கு "ஊன்றுநிலை" என்று சொல்லலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். அழகான சொல், ஊன்றுகோலில் இருக்கிற அதே ஊன்று. ஆனால் ஊன்றுவது என்றால் பாரத்தைக் கொடுப்பது. குதி தரையைத் தொட்ட கணத்தில் உடலின் பாரம் இன்னும் அந்தக் காலுக்கு வரவில்லை. அடுத்த ஒன்றிரண்டு படங்களில்தான் பாதம் முழுதாகப் பதிந்து, முழங்கால் மடங்கி, உடல் கீழே இறங்கும். ஆங்கிலத்தில் டவுன் என்று சொல்லும் அந்த நிலைக்கே ஊன்றுநிலை சரியாகப் பொருந்தும். நல்ல சொல்லைத் தவறான இடத்தில் செலவழித்துவிட்டால், அது தேவைப்படும் இடத்தில் வேறொரு குறைச்சொல்லைத் தேடவேண்டி வரும்.

இரண்டாவது சொல்லுக்கு வருவோம். ஒரு கால் தரையில் நிற்க, மற்றக் கால் பின்னாலிருந்து வந்து அதைத் தாண்டும் இடம்தான் பாஸிங். கையேடு இதைக் கடத்தல் நிலை என்கிறது. கடத்தல் என்றால் பத்திரிகை வாசிக்கிறவருக்குக் கஞ்சா ஞாபகம் வரும், விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைக்கு வெப்பம் ஞாபகம் வரும். இரண்டிலும் ஒன்றை இன்னொருவர் கொண்டுபோகிறார். இங்கே கால் தானே கடக்கிறது. அதற்கு எங்களிடம் அன்றாடம் புழங்கும் சொல் இருக்கிறது: கடவை. புகையிரதக் கடவை, பாதசாரிக் கடவை என்று தெருவெல்லாம் எழுதிக் கிடக்கிறது. கடக்கும் இடத்தின் பெயர் கடவை, ஆகவே கால் காலைக் கடக்கும் நிலை கடவைநிலை. சிறு பிள்ளைக்கும் விளங்கும்.

இந்தக் கடவைநிலையில்தான் நடையும் ஓட்டமும் உண்மையில் பிரிகின்றன. நடையில் கடவைக்கு வரும்போது நிற்கும் கால் கிட்டத்தட்ட நேராக இருக்கும், அதனால் உடல் உயர்ந்திருக்கும். ஒரு தடியை நிலத்தில் குத்தி அதன்மேல் உடலைத் தாண்டவிடுவது போன்ற அசைவு அது. ஓட்டத்தில் நிற்கும் கால் சுருள்வில்லைப் போல மடிந்து பாரத்தை வாங்கிக்கொண்டிருக்கும். அதனால் அதே கடவையில் உடல் தாழ்ந்திருக்கும், உயர்வது கால் தரையை விட்ட பிறகுதான். நடையின் படங்களை எடுத்து வேகத்தைக் கூட்டினால் ஓட்டம் வராது என்பதன் காரணம் இதுதான். தலை ஏறி இறங்கும் ஒழுங்கே தலைகீழாகிவிடுகிறது. சந்தேகமிருந்தால் எல்லாத் தாள்களையும் வெளிச்சப் பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றிலும் தலையின் உச்சியில் ஒரு புள்ளி போட்டுப் பாருங்கள். கடவைப் படத்தின் புள்ளி தொடுநிலைப் புள்ளியை விட மேலே நின்றால் வரைந்திருப்பது நடை, கீழே நின்றால் ஓட்டம்.

மூன்றாவது, பறக்கும் நிலை. ஓட்டத்தில் இரண்டு பாதமும் தரையை விட்டிருக்கும் சிறு பொழுது இது. நடைக்கு இது கிடையாது. நடைப்போட்டி விதியிலேயே, கண்ணுக்குத் தெரியும்படி இரு காலும் தரையை விட்டால் அது குற்றம். இந்தப் பொழுது மிகச் சிறியது. ஓடும் மனித உடல் ஏறி இறங்குவது சுமார் 10 சென்ரிமீற்றர்தான், ஒரு தலையின் உயரத்தில் அரைவாசி. பறக்கும் நிலை என்று சொன்னதும் பிள்ளைகள் பொடியனைத் தரையிலிருந்து ஒரு முழம் மேலே தூக்கிவிடுகிறார்கள், அவன் ஓடாமல் தத்தித் தத்திப் போகிறான். இப்படிக் கண் ஏமாறுவது புதிதல்ல. 1878இல் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் பல கமராக்களை வரிசையாக வைத்து ஓடும் குதிரையைப் படம் பிடிக்கும் வரைக்கும், குதிரை முன்கால்களை முன்னும் பின்கால்களைப் பின்னும் நீட்டிப் பறப்பதாகவே ஓவியர்கள் வரைந்தார்கள். படத்தில் பார்த்தால், நாலு காலும் தரையை விட்டிருக்கும் கணத்தில் அவை வயிற்றின் கீழே கூடியிருந்தன. மனிதன் ஓடும்போது இது மாறி நடக்கும். கால்கள் முன்னும் பின்னும் விரிந்திருக்கும்போதுதான் அவன் தரையை விட்டிருக்கிறான்.

நான் சொல்வது அந்தரநிலை. உடனே தனித்தமிழ் நண்பர்கள் அந்தரம் வடசொல் என்பார்கள். உண்மைதான். அவர்கள் தரும் "தரைநீங்குநிலை" பொருளில் குறையில்லாத சொல், அதை யாரும் எழுதினால் நான் திருத்தமாட்டேன். ஆனால் எங்கள் வீடுகளில் "அந்தரத்திலை தொங்குது" என்று சொன்னால் எதிலும் முட்டாமல் நிற்பது என்று குழந்தைக்கும் தெரியும். மேலே பறப்பது என்று யாருக்கும் தோன்றாது. அதோடு "அந்தரப்படாதை" என்றால் அவசரப்படாதே என்று பொருள். ஓட்டத்துக்குரிய சொல்லில் அவசரமும் சேர்ந்து கிடப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. தூய்மைக்கும் தெளிவுக்கும் இடையில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால், வரைகிற பிள்ளையின் பக்கம் நின்று தெளிவைத்தான் எடுப்பேன்.

சுழற்சி பற்றி ஒரு வார்த்தை. ஒரே படவரிசையைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவதை நடைச்சுழற்சி, ஓட்டச்சுழற்சி என்று எல்லாரும் எழுதுகிறார்கள். சுழல்வது பம்பரம். தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருவது சுற்று. நடைச்சுற்று, ஓட்டச்சுற்று என்பது போதும்.

அந்தப் பொடியனை நாங்கள் திரும்ப வரைந்தோம். வினாடிக்கு 24 பிரேம். சாதாரண நடையில் ஓர் அடிக்கு 12 பிரேம் எடுப்பது வழக்கம். ஓட்டத்துக்கு அதில் பாதி, 6 எடுத்தோம், ஒவ்வொரு பிரேமுக்கும் தனிப்படம். முதற்படம் தொடுநிலை: வலது குதி தரையில், இடது கால் பின்னால் மடிந்து. 2 ஊன்றுநிலை. 3 கடவைநிலை, உடல் இன்னும் தாழ்வாக, இடது முழங்கால் வலது முழங்காலைத் தாண்டுகிறது. 4இல் வலது கால் நீண்டு விரல்களால் தரையைப் பின்னோக்கி உந்துகிறது. 5 அந்தரநிலை, தலை உச்சத்தில், கால்கள் விரிந்து. 6லும் அந்தரம்தான், ஆனால் இடது கால் தரையைத் தேடி இறங்குகிறது. 7இல் இடது குதி தொடும், அங்கிருந்து கால்கள் மாறி 12 வரை. பதின்மூன்றாவது என்று ஒரு படம் கிடையாது, அது முதற்படமேதான். அவள் முதலில் அதையும் வரைந்து சேர்த்திருந்தாள். ஒரே படம் அடுத்தடுத்து இரண்டு முறை வந்ததால், சுற்றுக்கு ஒரு தடவை பொடியன் தடக்குப்படுவது போல் இருந்தது. எடுத்துவிட்டோம்.

ஓடவிட்டுப் பார்த்தோம். "இப்ப ஓடுறான் சேர்" என்றாள். தாளின் ஓரத்தில் கையேட்டிலிருந்து எழுதி வைத்திருந்த தொடர்பு நிலையை அழித்து, 1க்கும் 7க்கும் பக்கத்தில் தொடுநிலை என்று எழுதினாள். 4ஆம் படத்துக்கு என்ன எழுதுவது என்று கேட்டாள். உந்துநிலை என்று சொன்னேன். வள்ளத்தைக் கரையிலிருந்து தண்ணிக்குள் தள்ளுவதைத் தன் அப்பா தள்ளுறது என்றுதான் சொல்வார் என்றாள். தள்ளுநிலை. அதையும் எழுதி வைத்திருக்கிறோம். இரண்டில் எது நிலைக்கிறது என்று அடுத்த வகுப்புகளில் பிள்ளைகள் வாயில் கேட்டுப் பார்க்கவேண்டும்.