100 பவுண்டு போனஸின் உண்மை மதிப்பு

பிரிட்டனில் ஓர் ஆன்லைன் கேசினோ 100 பவுண்டு போனஸ் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். நிபந்தனை, 10 மடங்கு வேஜரிங். அதாவது, போனஸ் வெளியே எடுக்கக்கூடிய பணமாக மாறுவதற்கு முன் மொத்தம் 1000 பவுண்டுக்குப் பந்தயம் வைத்து முடித்திருக்க வேண்டும். அதற்காக 1000 பவுண்டு கையில் இருக்க வேண்டியதில்லை. வென்ற பணத்தையே மறுபடி மறுபடி வைத்தாலும் ஒவ்வொரு முறையும் கணக்கில் சேரும். 2026 ஜனவரியிலிருந்து அந்நாட்டுச் சூதாட்ட ஆணையம் 10 மடங்குக்கு மேல் கேட்கக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. அதற்கு முன் 35 மடங்கு என்பது சர்வசாதாரணம்.

முதல் கணக்கு எளிது. ஸ்லாட் விளையாட்டின் உதவிப் பக்கத்தில் ஆர்.டி.பி. என்று ஒரு சதவீதம் இருக்கும். அது 96 என்றால், வைக்கும் ஒவ்வொரு 100 பவுண்டிலும் சராசரியாக 4 பவுண்டு கேசினோவிடம் தங்கிவிடும். 1000 பவுண்டு வைத்து முடிப்பதற்குள் 40 பவுண்டு போகும். போனஸின் மதிப்பு 60. பழைய 35 மடங்கில் வைக்க வேண்டியது 3500, போவது 140. போனஸையே விழுங்கிவிடும் தொகை இது. ஒரே ஸ்லாட் 96, 94 எனப் பல ஆர்.டி.பி. அமைப்புகளில் வருவதுண்டு. அதனால் வேறொரு தளத்தில் பார்த்த எண்ணை நம்பாமல், விளையாடப்போகும் தளத்திலேயே பார்க்க வேண்டும். 94 என்றால் மதிப்பு 60 அல்ல, 40.

பிளாக்ஜாக்கில் கேசினோவின் பங்கு அரை சதவீதம்தானே, அதை ஆடினால் என்ன என்று தோன்றும். அங்கே வைக்கும் பணத்தில் 10 சதவீதம் மட்டுமே வேஜரிங்கில் சேரும் என்று பல தளங்களின் விதி சொல்கிறது. அப்படியானால் 1000 பவுண்டு கணக்கை முடிக்க 10,000 பவுண்டு வைக்க வேண்டும். இழப்பு 50 பவுண்டு. ஸ்லாட்டைவிட மோசம்.

இந்த எளிய கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. எல்லோரும் 1000 பவுண்டையும் வைத்து முடிப்பார்கள் என்று அது எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் பாதியிலேயே போனஸ் பணம் தீர்ந்துபோகலாம். சுழற்சிக்கு ஒரு பவுண்டு வைத்தால் 1000 சுழற்சிகள். நடுத்தர ஏற்ற இறக்கமுள்ள ஸ்லாட்டில் ஒரு சுழற்சியின் திட்ட விலக்கம், அதாவது முடிவு சராசரியிலிருந்து விலகும் வழக்கமான அளவு, பந்தயத்தைப்போல் 6 மடங்கு என்று கொண்டால், 1000 சுழற்சிகளுக்கு அது 6-ஐ 1000-இன் வர்க்கமூலத்தால் பெருக்க 190 பவுண்டு அளவுக்கு வரும். தொடக்க இருப்போ வெறும் 100. தோராயமாகப் போட்டுப் பார்த்தால், இப்படி ஆடும் 100 பேரில் 66 பேரின் இருப்பு வழியிலேயே பூஜ்ஜியமாகிவிடும். மீதி 34 பேர் சராசரியாக 230 பவுண்டுடன் கடைசி வரை வருவார்கள். மொத்தத்தை 100 பேருக்கும் பகிர்ந்தால் ஆளுக்கு 78 பவுண்டு. 60-ஐவிடக் கூடுதலாக வருவதற்குக் காரணம், பாதியில் தீர்ந்துபோனவர்கள் மீதிப் பந்தயத்தை வைக்கவே இல்லை, அதனால் அதற்கான 4 சதவீதத்தையும் இழக்கவில்லை.

ஆகவே 78 என்பது யாருடைய கைக்கும் வந்து சேரும் தொகை அல்ல. அந்த மதிப்பு முழுவதும் 34 பேரிடம் குவிந்து கிடக்கிறது. அதனால்தான் விதிகளில் முதலில் தேட வேண்டியது, போனஸிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு எடுக்கலாம் என்ற வரி. அது 100 பவுண்டு என்றிருந்தால், 34 பேருக்கும் ஆளுக்கு 100-க்கு மேல் கிடையாது. சராசரி 78-லிருந்து 34-க்கோ அதற்கும் கீழோ இறங்கிவிடும். வேஜரிங் மடங்கு மாறவே இல்லை, மதிப்பில் பாதிக்கு மேல் போய்விட்டது. இதே பகுதியில், போனஸ் பணத்தில் ஒரு சுழற்சிக்கு வைக்கக்கூடிய உச்சத் தொகையும் இருக்கும். அதை ஒரே முறை மீறினாலும் வென்றதை ரத்து செய்யும் விதி பல தளங்களில் உண்டு.

இந்தக் கணக்கு போனஸ் தனியாகவும் சொந்தப் பணம் தனியாகவும் இருக்கும்போதுதான் பொருந்தும். அங்கே மதிப்பு பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாது. இரண்டும் கலந்து, டெபாசிட்டுக்கும் சேர்த்து மடங்கு கேட்கும் தளத்தில் இழப்பு சொந்தப் பணத்தையும் தின்னும்.

விளையாட்டுப் பந்தயத் தளங்கள் தரும் ஃப்ரீ பெட்டில் பெரும்பாலும் வேஜரிங் இருக்காது. வென்றாலும் பந்தயத் தொகை திரும்பி வராது, லாபம் மட்டுமே வரும். 10 பவுண்டு ஃப்ரீ பெட்டை 2.0 விகிதத்தில் வைத்தால் வென்றால் 10 கிடைக்கும். தளத்தின் லாப விளிம்பு 5 சதவீதம் என்றால் வெல்லும் வாய்ப்பு 47.6 சதவீதம், மதிப்பு 4.76 பவுண்டு. 5.0 விகிதத்தில் வைத்தால் வென்றால் 40, வாய்ப்பு 19 சதவீதம், மதிப்பு 7.60-ஐத் தாண்டும். விகிதம் ஏற ஏற மதிப்பும் ஏறிக்கொண்டே போகும் என்று நினைத்துவிடக் கூடாது. வெல்ல வாய்ப்பு மிகக் குறைந்த குதிரைகளில் தளம் எடுக்கும் விளிம்பும் பெரிது. 21.0 விகிதம் தரும் குதிரை உண்மையில் 26 ஓட்டத்தில் ஒன்றுதான் வெல்லும் என்றால், 200-ஐ 26-ஆல் வகுக்க 7.69 பவுண்டு. 5.0-ல் கிடைத்ததைவிட ஏழெட்டுப் பென்ஸ்தான் கூடுதல்.