நீட் இயற்பியல் நோட்ஸைச் சுருக்கும்போது எதை வெட்டலாம், எதை வெட்டக்கூடாது

நீட் தேர்வில் 2025ல் விருப்பக் கேள்விகளையும் கூடுதல் 20 நிமிடத்தையும் எடுத்துவிட்டார்கள். இப்போது 180 கேள்விக்கு 180 நிமிடம். உயிரியலின் 90 கேள்விகளை ஒரு மாணவர் 50 நிமிடத்தில் முடித்து, வேதியியலுக்கு இன்னொரு 50 நிமிடம் எடுத்தால், இயற்பியலின் 45 கேள்விகளுக்கு மிஞ்சுவது 80 நிமிடம். அதாவது ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்புவதும் இதற்குள்தான்.

இயற்பியல் பாடம் எடுக்கும் எனக்கு, மாணவர்கள் கடைசி மாதத்தில் எழுதிக் காட்டும் ஷார்ட் நோட்ஸைப் பார்க்கும்போது ஒரே கவலைதான். எதை வெட்டக்கூடாதோ அதை முதலில் வெட்டியிருப்பார்கள். சூத்திரம் மட்டும் கட்டம் கட்டி அழகாக இருக்கும். அது எப்போது செல்லும் என்று வகுப்பில் சொன்ன ஒரு வரி காணாமல் போயிருக்கும்.

எறிபொருள் இயக்கத்தை எடுத்துக்கொள்வோம். வகுப்பு நோட்டில் நான்கைந்து பக்கம் வரும். அதில் வருவித்தல்கள் அத்தனையையும் தயங்காமல் வெட்டலாம். கொள்குறி வினாவில் யாரும் படிப்படியாக நிறுவச் சொல்லப்போவதில்லை. பெரும நெடுக்கம் u²/g என்பதும் தனி வரியாக வேண்டாம்; R = u² sin2θ/g என்பதில் θ = 45° என்று போட்டால் அடுத்த நொடியே வந்துவிடும். 30°, 60° இரண்டுக்கும் ஒரே நெடுக்கம் என்பதும் அப்படித்தான்.

ஆனால் அந்த R சூத்திரத்துக்குப் பக்கத்தில் 'எறிந்த மட்டமும் விழும் மட்டமும் ஒன்றாக இருந்தால் மட்டும்' என்ற வரி இருந்தே ஆக வேண்டும். ஏன் என்று ஒரு கணக்கில் பாருங்கள். 15 மீ உயரக் கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு பந்து 20 மீ/வி வேகத்தில், கிடைமட்டத்துக்கு மேலே 30° கோணத்தில் எறியப்படுகிறது. கட்டடத்தின் அடியிலிருந்து எவ்வளவு தூரத்தில் தரையில் விழும்? g = 10 என்று கொள்வோம். கட்டம் கட்டிய சூத்திரத்தில் எண்களைப் போட்டால் 20√3, ஏறத்தாழ 34.6 மீ. அது பந்து மறுபடி கட்டட உச்சியின் மட்டத்துக்கு வரும் இடம்தான். தரைக்கு வர இன்னும் 15 மீ இறங்க வேண்டும். செங்குத்து வேகம் 10 மீ/வி என்பதால் −15 = 10t − 5t², அதிலிருந்து t = 3 வினாடி. கிடைமட்ட வேகம் 10√3. ஆக விடை 30√3, கிட்டத்தட்ட 52 மீ. கேள்வி தயாரிப்பவருக்கு இந்தச் சறுக்கல் தெரியும்; 20√3-ஐயும் ஒரு விடையாக வைப்பார். கணக்கு சுலபமாக முடிந்துவிட்டது என்று மாணவர் அதைக் குறித்துவிட்டுப் போவார். வரவேண்டிய 4 மதிப்பெண்ணும் போய், கையில் இருப்பதிலும் 1 குறையும்.

மற்ற பாடங்களிலும் இதே கதைதான். v = u + at முடுக்கம் மாறாதபோது மட்டும். தனி ஊசலின் T = 2π√(l/g) வீச்சு சிறிதாக இருக்கும்போது மட்டும். இந்தச் சின்ன வரிகள் இடத்தை அடைப்பதில்லை. வெட்டினால் மிச்சமாவதும் பெரிதாக ஒன்றுமில்லை.

சரி, சூத்திரங்களில் எதை வைப்பது? இதை ஊகத்தில் முடிவு செய்யாதீர்கள், கடிகாரத்தை வையுங்கள். சூத்திரத்தை மூடிவிட்டு, வெற்றுத்தாளில் அடிப்படையிலிருந்து வரவழைத்துப் பாருங்கள். இருபது வினாடிக்குள் பிழையில்லாமல் வந்தால் வெட்டுங்கள். tanθ = 4H/R என்பதை H, R இரண்டையும் வகுத்து எடுக்கும்போது பலர் sin2θ-வை விரிப்பதில் தடுமாறுவார்கள்; அப்படியானால் அது இருக்கட்டும். 'நெடுக்கமும் பெரும உயரமும் சமம் எனில் கோணம் என்ன' என்று கேட்டால் tanθ = 4 என்று உடனே எழுதிவிடலாம். இந்தச் சோதனையைக் காலையில் புத்துணர்வோடு செய்யாமல், மூன்று மணி நேர மாதிரித் தேர்வு முடிந்த கையோடு செய்வது நல்லது. களைத்த மூளைக்கு எது வருகிறது என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டும். அதனால் நண்பரின் ஷார்ட் நோட்ஸை நகல் எடுப்பதில் பயன் குறைவு. அவருக்கு இருபது வினாடியில் வருவது உங்களுக்கு இரண்டு நிமிடம் எடுக்கலாம்.

அப்புறம், வெட்டிய ஒவ்வொன்றுக்கும் பழைய நோட்டின் பக்க எண்ணை ஓரத்தில் குறித்து வையுங்கள். மாதிரித் தேர்வில் ஒரு கேள்வி தவறினால், அதற்கு வேண்டிய வரி சுருக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பக்கத்துக்குப் போய் அதை மட்டும் எடுத்து வந்து சேருங்கள். இருந்தும் தவறியிருந்தால், நோட்ஸைத் தொடாதீர்கள். அந்த வகைக் கணக்குகளை இன்னும் நாலைந்து போட்டுப் பார்ப்பதுதான் அடுத்த வேலை.