பேங்க் மெசேஜ் வந்தாச்சு, ஆர்டர் மட்டும் வரல: நடுவில் நிற்கும் பணத்துக்கு என்ன ஆகிறது?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆன்லைன்ல ஒரு குக்கர் ஆர்டர் போட்டேன். யுபிஐல 2,340 ரூபாய் எடுத்துட்டதா பேங்க்ல இருந்து மெசேஜ் வந்துடுச்சு. ஆனா கடையோட பக்கத்துல சக்கரம் சுத்திக்கிட்டே இருந்து 'பேமென்ட் பெண்டிங்'னு நின்னுடுச்சு. பணம் போச்சா, இருக்கா? திரும்ப ஒரு தடவை கட்டலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்குக் கட்ட வேண்டாம். முதல் பேமென்ட் அரைமணி கழித்து உயிர் பெற்றுவிட்டால் வீட்டுக்கு இரண்டு குக்கர் வரும். ஒன்றைத் திருப்பி அனுப்புவது தனித் தலைவலி.

மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிய, பணம் போகும் வழியைப் பார்க்க வேண்டும். நீங்கள் பின் நம்பரைப் போட்டதும் கோரிக்கை என்.பி.சி.ஐ. நடத்தும் யுபிஐ மையத்துக்குப் போகிறது. மையம் உங்கள் பேங்கிடம் "2,340 எடு" என்கிறது. பேங்க் எடுத்துவிட்டு "எடுத்தாச்சு" என்று பதில் தருகிறது. அடுத்து, மையம் எதிர்ப்பக்க பேங்கிடம் "2,340 வரவு வை" என்கிறது. அதுவும் "வைத்தாச்சு" என்றதும் முடிவு இரு பக்கமும் அறிவிக்கப்படுகிறது. ஆன்லைன் கடையாக இருந்தால் பெரும்பாலும் இன்னொரு கண்ணியும் உண்டு. பணம் நேராகக் கடைக்காரர் கணக்கில் விழாது. கடைக்காகப் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே நிறுவனத்தின் எஸ்க்ரோ கணக்கில், அதாவது அடுத்தவர் பணத்தைக் கொடுக்கும்வரை தனியாக வைத்திருக்கும் கணக்கில் விழும். கேட்வே கடையின் கம்ப்யூட்டருக்குச் சேதி சொன்ன பிறகுதான் ஆர்டர் உறுதியாகும்.

உங்களுக்கு வந்த எஸ்.எம்.எஸ்., இந்த வரிசையில் "எடுத்தாச்சு" என்ற இடத்திலேயே கிளம்பிவிடுகிறது. பாதிக் கிணறுகூடத் தாண்டாத நேரம் அது. அந்த எஸ்.எம்.எஸ். உங்கள் கணக்கில் கழித்ததற்கு மட்டுமே சாட்சி, கடைக்குச் சேர்ந்ததற்குச் சாட்சி அல்ல.

சரி, நடுவில் ஏதாவது ஒரு பதில் வராமல் போனால்? இந்த விஷயத்தில் மிக அழகான இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

காட்பாடியிலிருந்து குடியாத்தம் போகும் பஸ்ஸில் கண்டக்டரிடம் ஒரு பார்சல் கொடுத்தனுப்புகிறீர்கள். வாங்கியதும் போன் பண்ணச் சொல்லியிருக்கிறீர்கள், போன் வரவில்லை. பார்சல் சேரவில்லையா, அல்லது சேர்ந்துவிட்டது, போன்தான் கிடைக்கவில்லையா? உங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சேரவில்லை என்று நினைத்து இன்னொரு பார்சல் அனுப்பினால், ஒருவேளை அங்கே இரண்டாகிவிடும். சேர்ந்திருக்கும் என்று சும்மா இருந்தால், ஒருவேளை ஒன்றுமே போயிருக்காது.

"போன் வந்ததும் அது கிடைத்ததாக நானும் பதில் சொல்கிறேன்" என்று ஏற்பாட்டைப் பலப்படுத்தலாமே என்று தோன்றும். பலிக்காது. அந்தப் பதிலும் தொலையலாம் அல்லவா? அதற்கொரு பதில், அந்தப் பதிலுக்கொரு பதில் என்று எத்தனை அடுக்கினாலும், கடைசியாக ஒரு சேதி இருந்தே தீரும். அது போய்ச் சேர்ந்ததா என்பது அதை அனுப்பியவருக்குத் தெரியாது. ஆக, சேதி தொலையக்கூடிய பாதையில், எத்தனை சேதி பரிமாறினாலும், இரு தரப்பும் ஒரே நேரத்தில் நூறு சதவீதம் நிச்சயமாக இருக்கவே முடியாது. 1975-இல் கணினி ஆய்வாளர்கள் எழுதிவைத்த சிக்கல் இது. 'இரண்டு தளபதிகள் சிக்கல்' என்ற பெயர் பிறகு வந்தது. வேகமான சர்வர் வாங்கினாலோ 5ஜி வந்தாலோ தீர்கிற விஷயமல்ல. சாத்தியமே இல்லை என்று நிரூபிக்கப்பட்ட ஒன்று. "இத்தனை பெரிய பேங்க், ஒரு பேமென்ட்டை ஒழுங்காகப் பண்ணத் தெரியவில்லையா" என்று திட்டும்போது இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம். எல்லா பேங்குகளுக்கும் இந்தச் சலுகையைத் தர மாட்டேன் என்பது வேறு விஷயம்.

தீர்க்க முடியாத சிக்கலோடு தினமும் கோடிக்கணக்கான பேமென்ட் எப்படி ஓடுகிறது? பணத்துறை உடனடி நிச்சயத்தைக் கைவிட்டுவிட்டு, 'பிறகாவது நிச்சயம்' என்பதைப் பிடித்துக்கொண்டது. அதற்கு மூன்று ஏற்பாடுகள். ஒவ்வொரு பேமென்ட்டுக்கும் ஒரு தனி எண் உண்டு. அதே எண்ணோடு அதே கோரிக்கை மறுபடி வந்தால், "இதை ஏற்கெனவே செய்தாயிற்று" என்று பேங்க் ஒதுக்கிவிடும், இரண்டாம் முறை கழிக்காது. அடுத்து, பதில் வராவிட்டால் அந்த எண்ணைச் சொல்லி "என்ன ஆச்சு" என்று கேட்கலாம். அதுவும் தோற்றால், இரண்டு பேங்கின் கணக்கையும் வரிக்கு வரி ஒப்பிட்டு விடுபட்டதைப் பிடிப்பார்கள். ஒப்பிடும் வேலைதான் பெண்டிங்கைக் கடைசியில் முடித்துவைக்கிறது. அதற்கு ஒன்றிரண்டு நாள் பிடிக்கும்.

"என்ன ஆச்சு" என்று கேட்பதற்கும் அளவு உண்டு. 2025 ஏப்ரல் 12 அன்று யுபிஐ நாடு முழுக்கப் பல மணி நேரம் தடுமாறியது. சில பேங்குகளின் சர்வர்கள் பழைய பேமென்ட்களின் நிலையை ஓயாமல் கேட்டுக் குவித்ததும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. இப்போது கேள்விகளுக்கு நடுவே இடைவெளியும் எண்ணிக்கை வரம்பும் வைத்திருக்கிறார்கள். அதனால் நீங்கள் ஆப்பை நிமிஷத்துக்கொரு முறை திறந்து பார்ப்பதால் எதுவும் வேகமாகாது.

இனி குக்கருக்கு வருவோம். பெண்டிங் என்று ஒரே சொல்லில் காட்டினாலும், அறுந்திருக்கக்கூடிய இடம் மூன்று.

முதலாவது, உங்கள் பேங்க் பணத்தைக் கழித்துவிட்டது, அதன் பதில் மையத்துக்கு நேரத்தில் வரவில்லை. மையம் பதிலுக்காகக் காத்திருப்பது நொடிக் கணக்கில்தான். 2025-இல் அதை 30 நொடியிலிருந்து 15 நொடியாகக் குறைத்தார்கள். நேரம் தாண்டினால், மையம் எதிர்ப்பக்கத்துக்கு எதையும் சொல்லாமல், "கழித்திருந்தால் திருப்பிப் போடு" என்று உங்கள் பேங்குக்கே உத்தரவு அனுப்பும். பெரும்பாலும் சில நிமிடங்களில் பணம் திரும்பிவிடும். ஆப்பில் 'ஃபெயில்ட்' என்று இருந்து, பணம் மட்டும் குறைந்திருந்தால் பெரும்பாலும் இந்த வகைதான். கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை, பணம் அவர் பக்கம் போகவே இல்லை.

இரண்டாவது வகைதான் நிஜமான பெண்டிங். கழித்தது உறுதியாகிவிட்டது, வரவு வைத்ததற்குப் பதில் இல்லை. இங்கே மையம் அவசரப்பட்டுத் திருப்பிக் கொடுக்காது. எதிர்ப்பக்க பேங்க் வரவு வைத்திருந்து, உங்களுக்கும் திருப்பித் தந்துவிட்டால், ஒரே 2,340 இரண்டு இடத்தில் இருக்கும். ஆகவே, கணக்கு ஒப்பிடும்வரை காத்திருக்கும். வரவு வைத்துவிட்டோம் என்று அந்த பேங்க் உறுதி சொல்ல வேண்டும், இல்லையென்றால் பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

மூன்றாவதில் பணம் கேட்வேயின் கணக்குவரை சேர்ந்துவிட்டது, கடையின் கம்ப்யூட்டருக்குச் சேதி போகவில்லை. அல்லது தாமதமாகப் போனது, அதற்குள் ஆர்டரின் கெடு முடிந்து கடை அதை மூடிவிட்டது. ஆப்பில் 'சக்சஸ்' என்றிருந்தும் ஆர்டர் இல்லையென்றால் இதுதான். கேட்வே பிறகு விவரம் அறிந்து சொல்லும்போது, கடை ஆர்டரை உறுதி செய்யலாம் அல்லது ரீஃபண்ட் தரலாம். இந்த வகையில் கடைக்குப் போன் போட்டால், அவர்கள் தங்கள் பேங்க் கணக்கைப் பார்த்துவிட்டு "பணம் வரல மேடம்" என்பார்கள். பொய் சொல்லவில்லை, அந்தக் கணக்கில் நிஜமாகவே வந்திருக்காது. "உங்க கேட்வேயில் இந்த நம்பரைப் போட்டுப் பாருங்க" என்று கேட்க வேண்டும்.

அந்த நம்பர் உங்கள் ஆப்பில் அந்த பேமென்ட்டைத் திறந்தால் இருக்கும். யுடிஆர் அல்லது ஆர்ஆர்என் என்று போட்டிருக்கும், 12 இலக்கம். ஸ்டேட்மென்ட்டிலும் அதே எண் வரும். பணம் திரும்பியதா என்று பார்க்கவும் எஸ்.எம்.எஸ்-ஐ நம்பாமல் ஸ்டேட்மென்ட்டைப் பாருங்கள். பேங்க் திருப்பிப் போட்டது பெரும்பாலும் அதே எண்ணோடு வரும். கடை தந்த ரீஃபண்ட் புதிய பரிவர்த்தனை, அதற்கு வேறு எண் இருக்கும்.

கெடு எவ்வளவு? ரிசர்வ் பேங்க் 2019 செப்டம்பரில் போட்ட உத்தரவு தெளிவாகவே சொல்கிறது. கடைக்குக் கட்டி, கணக்கில் கழிந்து, கடைக்கு உறுதி போகவில்லை என்றால், பேமென்ட் செய்த நாளிலிருந்து 5 நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். ஆன்லைனில் கார்டு போட்டுக் கட்டியதற்கும் இதே 5 நாள். ஒருவருக்கொருவர் யுபிஐயில் அனுப்பியதென்றால் 1 நாள்தான். கெடு தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. இவை காலண்டர் நாட்கள், ஞாயிறும் பண்டிகையும் கழியாது. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தபின் பணத்தை வெளியே கொடுக்கக்கூடாது, கொடுத்தால் திரும்பாது என்பார்கள். இந்த உத்தரவுக்கு அந்தக் கிழமையும் மற்றக் கிழமையும் ஒன்றுதான்.

நம் வாசகிக்குக் கணக்குப் போட்டால், வெள்ளி கட்டியது புதனுக்குள் திரும்ப வேண்டும். சனிக்கிழமைதான் வந்தது என்று வையுங்கள், வியாழன், வெள்ளி, சனி என 3 நாள் தாமதம். 2,340-உடன் 300 ரூபாய் சேர்த்து வர வேண்டும். வாடிக்கையாளர் புகார் தரும்வரை காத்திராமல் பேங்கே தானாகப் போட வேண்டும் என்பதும் உத்தரவில் இருக்கிறது. இந்த 100 ரூபாய் விஷயம் பேங்க் கிளைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டப்பட வேண்டியது என்பது என் அபிப்பிராயம். ஆனால் இது பாதியில் நின்ற பேமென்ட்டுக்கு மட்டும். ஆர்டர் உறுதியாகி, பிறகு நீங்கள் வேண்டாம் என்று ரத்து செய்தால், ரீஃபண்ட் கடையின் விதிப்படிதான் வரும்.

புதன் தாண்டியும் வராவிட்டால், யுபிஐ ஆப்பில் அந்த பேமென்ட்டைத் திறந்து அங்கேயே புகார் பதியுங்கள், எண்ணும் தேதியும் தானாகச் சேர்ந்துகொள்ளும். உங்கள் பேங்குக்கும் எழுத்தில் ஒன்று கொடுத்து, புகார் எண் வாங்கி வையுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் சரியில்லை என்றாலோ cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் பேங்கின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

காத்திருக்கும் அந்த நாட்களில் கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேட வேண்டாம். தேடுபவர் பதற்றத்தில் இருப்பார் என்று தெரிந்தே போலி நம்பர்களைப் போட்டு வைக்கிறார்கள். அந்த ஆள் "ரீஃபண்ட் அனுப்புறேன், பின் போடுங்க" என்பார். யுபிஐ பின் என்பது உங்கள் கணக்கிலிருந்து கழிக்கச் சம்மதம் தருவது. மேலே சொன்ன மூன்று வகையில் எதிலுமே, பணம் உங்களிடம் திரும்பி வர நீங்கள் பின் போடும் கட்டம் இல்லை.