மேக்ரோஃபேஜை ஒரு பக்கமாக ஒதுக்காதீர்கள்

பேத்தாலஜி இன்டர்னல் நெருங்கினால் போதும், சேலத்து ஜெராக்ஸ் கடைகளில் அழற்சி பற்றிய அதே சார்ட் கைமாற ஆரம்பித்துவிடுகிறது. நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் அக்யூட், நியூட்ரோஃபில். வலப்பக்கம் க்ரானிக், மேக்ரோஃபேஜ், லிம்ஃபோசைட். அடியில் மளிகைச் சீட்டு மாதிரி மீடியேட்டர்களின் பெயர்கள். ஹிஸ்டமினை விட்டது எந்தச் செல், அது வேலை செய்தது எதன் மேல் என்று வைவாவில் கேட்டால் பதில் வருவதில்லை. சார்ட்டில் இல்லாதது வாயில் எப்படி வரும்?

முதலில் அந்தக் கோட்டைப் பற்றி. அக்யூட்டில் மேக்ரோஃபேஜ் இல்லை என்று யார் சொன்னது? கிருமியை முதலில் கண்டுகொண்டு டிஎன்எஃப், ஐஎல்-1 இரண்டையும் விடுபவர்களில் திசுவில் ஏற்கெனவே குடியிருக்கும் மேக்ரோஃபேஜும் உண்டு. அதன் பிறகுதான் நியூட்ரோஃபில் வருகிறது. பெரும்பாலான அழற்சியில் 6 முதல் 24 மணி நேரம் வரை நியூட்ரோஃபிலின் ஆட்சி, 24 முதல் 48 மணிக்குள் மோனோசைட் வந்து மேக்ரோஃபேஜாகிவிடும். ஆக மேக்ரோஃபேஜ் இரண்டு பக்கமும் இருக்கும். டிஎன்எஃப்பும் அப்படித்தான். இரு பத்திக்கும் பொதுவானதை நடுக்கோட்டின் மேலேயே எழுதுங்கள், பாதி குழப்பம் அங்கேயே தீரும்.

ஒரு முள்ளை வைத்து சார்ட்டை நிரப்பிப் பார்ப்போம். ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போனவர் காலில் முள் ஏறுகிறது. சில நிமிடங்களில் சிவந்து வீங்குகிறது. மறுநாள் சுற்றிலும் வலி, கொஞ்சம் சீழ். முள்ளின் நுனி உள்ளேயே முறிந்து தங்கிவிட, சில வாரம் கழித்து அங்கே கெட்டியான சிறு கட்டி. முள் ஒன்றுதான், பத்தி இரண்டு.

மீடியேட்டர் வரிசையில் பெயரை மட்டும் எழுதாதீர்கள். விட்டது யார், பெயர் என்ன, விளைவு என்ன என்று மூன்றையும் அம்புக்குறியில் கோத்து எழுதுங்கள். இடப்பக்கம் இப்படி:

மாஸ்ட் செல் → ஹிஸ்டமின் → சிறுசிரைகளின் எண்டோதீலியம் சுருங்கி இடைவெளி விடும், வீக்கம்
மேக்ரோஃபேஜ் → டிஎன்எஃப், ஐஎல்-1 → எண்டோதீலியத்தில் செலக்டின்கள், நியூட்ரோஃபில் உருளும்
மேக்ரோஃபேஜ், எண்டோதீலியம் → ஐஎல்-8 → நியூட்ரோஃபிலை முள் பக்கம் இழுக்கும்

வலிக்கு பிராடிகைனினும் பிராஸ்டாகிளாண்டின் இ2-வும். பிராடிகைனினுக்கு எதிரே செல் பெயர் எழுதிவிடாதீர்கள். அது பிளாஸ்மாவில் இருக்கும் கைனினோஜனிலிருந்து வெட்டப்பட்டு வருவது. 'யார்' என்ற இடத்தில் பிளாஸ்மா என்றே இருக்கட்டும். சி3ஏ, சி5ஏ-க்கும் அதே இடம்தான்.

வலப்பக்கத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். க்ரானிக் என்றதும் கை தானாக இந்த வளையத்தை எழுதிவிடுகிறது:

மேக்ரோஃபேஜ் → ஐஎல்-12 → டிஎச்1 செல் → ஐஎஃப்என்-காமா → மேக்ரோஃபேஜ் இன்னும் முறுக்கேறும்

வளையம் சரி, இடம் தவறு. இது காசநோயின் கிரானுலோமாவுக்கு உரியது. அங்கே டி செல் தொடர்ந்து தூண்டிக்கொண்டே இருக்கிறது. முள்ளின் கதை வேறு. ஒரு மேக்ரோஃபேஜால் விழுங்க முடியாத அளவுக்குப் பெரிய பொருள், எனவே பல மேக்ரோஃபேஜ்கள் ஒட்டி ஜயன்ட் செல் ஆகின்றன. அதற்கு டி செல்லின் துணை தேவையில்லை. ஆகவே வலப்பத்தியை மேலும் கீழுமாக இரண்டாகப் பிரியுங்கள்: மேலே அந்நியப் பொருள் கிரானுலோமா, கீழே இம்யூன் கிரானுலோமா. முதலாவதன் ஜயன்ட் செல்லில் நியூக்ளியஸ்கள் நடுவில் சிதறிக் கிடக்கும்; இரண்டாவதில், லாங்ஹான்ஸ் வகையில், ஓரத்தில் குதிரை லாடமாக நிற்கும். ஸ்லைடில் சந்தேகம் வந்தால் போலரைஸ்டு ஒளியில் பாருங்கள், தாவரத் துணுக்கு பளிச்சென்று மின்னும். நார்த்திசு இரண்டுக்கும் பொது: மேக்ரோஃபேஜ் → டிஜிஎஃப்-பீட்டா → ஃபைப்ரோபிளாஸ்ட் → கொலாஜன்.

கடைசி வரிசை விதிவிலக்குக்கு. தயவுசெய்து அதை வெட்டிவிடாதீர்கள், கேள்வி அங்கிருந்துதான் வரும். சூடோமோனாஸ் தொற்றில் நியூட்ரோஃபில் பல நாள் வந்துகொண்டே இருக்கும். வைரஸ் தொற்றில் முதலில் வருவதே லிம்ஃபோசைட்டாக இருக்கலாம். நாள்பட்ட ஆஸ்டியோமைலிடிஸில் மாதக்கணக்கில் நியூட்ரோஃபில் தங்கும். காசநோயோ அக்யூட் கட்டத்தைக் காட்டாமலேயே க்ரானிக்காகத் தொடங்கும். 'அக்யூட் முற்றினால் க்ரானிக்' என்று சார்ட்டின் தலைப்பில் போட்டிருந்தால் அதை அடித்துவிடுங்கள்.

ஆறு நிற ஹைலைட்டர் வேண்டாம். செல்லுக்கு நீலம், மீடியேட்டருக்குச் சிவப்பு, போதும். எழுதி முடித்ததும் ஒரு அட்டையால் சிவப்பை மட்டும் மறையுங்கள். நீலத்தையும் விளைவையும் பார்த்து நடுவில் என்ன என்று சொல்ல வரவில்லையென்றால், அந்த அம்பை இன்னொரு தடவை எழுதுங்கள்.